வைஃபையில் பிஎம்எஃப்: அணைத்து வைப்பதா, விருப்பமாக விடுவதா, கட்டாயமாக்குவதா?

வேளச்சேரியில் சித்தப்பா வீட்டில் மூன்று வைஃபை கேமரா. ஒன்று கேட்டைப் பார்க்கும், ஒன்று கீழே வண்டி நிறுத்தும் இடத்தை, மூன்றாவது பால்கனியை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் போன் செய்தார். "டேய், கரண்ட் போகலை, நெட் போகலை, ராத்திரி ரெண்டு மணிக்கு கேமரா மட்டும் மூணும் சேர்ந்தே போகுது, அஞ்சு நிமிஷத்துல தானா வருது. எப்படிடா?" அந்த வாரம் கீழே நின்ற இரண்டு வண்டிகளில் பெட்ரோல் காணாமல் போயிருந்தது, அதனால்தான் அவருக்குப் பதற்றம்.

"மூணும் சேர்ந்தே" என்பதுதான் எனக்கு உறுத்தியது. சிக்னல் இரைச்சலால் கேமரா போனால் தூரத்தில் இருப்பது முதலில் திணறும், பக்கத்தில் இருப்பது தாக்குப்பிடிக்கும். பால்கனி கேமரா ரௌட்டரிலிருந்து நாலு அடி, பார்க்கிங் கேமரா ஒரு தளம் கீழே. இரண்டும் ஒரே நொடியில் விழுகிறது என்றால் யாரோ விழச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதைத் தடுக்கத்தான் ரௌட்டர் செட்டிங்கில் `PMF` அல்லது `802.11w` அல்லது `Protected Management Frames` என்று ஒரு வரி இருக்கிறது. அதில் `Disabled`, `Capable`, `Required` என்று மூன்று தேர்வு. சில ரௌட்டர்களில் நடுவில் இருப்பதற்கு `Optional` என்று பெயர். எதை வைப்பது என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம், பெரும்பாலும் ஏதோ ஒன்றை வைத்துப் பார்த்து, வீட்டில் ஒரு கருவி வேலை செய்யாமல் போன பிறகுதான் வருவார்கள். அதனால் சித்தப்பா வீட்டை வைத்தே மூன்றையும், கூடவே நான்காவதாக ஒரு வழியையும் எடை போட்டுப் பார்க்கிறேன்.

## முதலில், என்ன நடக்கிறது

வைஃபையில் ரௌட்டரும் கருவியும் பேசுவதில் இரண்டு வகை. ஒன்று உங்கள் தரவு: வீடியோ, வாட்ஸ்அப், எல்லாம். இன்னொன்று நிர்வாகப் பேச்சு: "நான் இங்கே இருக்கிறேன்", "சேர்ந்துகொள்ளட்டுமா", "சேர்ந்துகொள்", "இனி நீ வெளியே போ" என்பவை. இவற்றுக்குத்தான் மேலாண்மை ஃப்ரேம் என்று பெயர். 2004இல் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை வந்தபோது முதல் வகை நன்றாகப் பூட்டப்பட்டது. இரண்டாவது வகை திறந்தே கிடந்தது. "வெளியே போ" என்ற செய்தியில் அனுப்பியவர் முகவரி என்று ரௌட்டரின் முகவரியை எழுதி, அதே சேனலில் யார் அனுப்பினாலும் கேமரா நம்பி இணைப்பை விட்டுவிடும். அனுப்புகிறவருக்கு உங்கள் பாஸ்வேர்ட் தெரிய வேண்டியதே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சின்ன போர்டே இதற்குப் போதும். அதனால் இதைப் பெரிய ஆட்கள் செய்யும் வேலை என்று நினைத்து ஒதுக்கிவிட முடியாது.

2009இல் வந்த `802.11w` தரம் இந்த ஓட்டையை அடைக்கிறது. கருவி சேரும்போது நடக்கும் சாவிப் பரிமாற்றம் முடிந்த பிறகு, ஒரு கருவிக்கென்று தனியாக அனுப்பும் "வெளியே போ" செய்தி அந்தக் கருவியின் சாவியால் பூட்டப்பட்டு வரும். எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் செய்தியில் ஒரு முத்திரையும் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண்ணும் இருக்கும். அதனால் பழைய செய்தியைப் பதிவு செய்து வைத்துத் திரும்ப அனுப்பினாலும் செல்லாது. சாவி இல்லாதவன் அனுப்புவதைக் கருவி அப்படியே கீழே போட்டுவிடும். பிஎம்எஃப் செய்வது இவ்வளவுதான்.

யாரோ அனுப்புகிறார்கள் என்பதை ஊகமாக விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கண்காணிப்பு முறைக்குப் போகக்கூடிய வைஃபை கார்டு உள்ள ஒரு லினக்ஸ் லேப்டாப்பை, ரௌட்டரின் சேனலிலேயே நிறுத்தி, சித்தப்பா வீட்டு ஹாலில் இரவு முழுக்க இதை ஓட விட்டேன்:

```
tcpdump -i wlan0mon -e type mgt subtype deauth
```

முதல் இரவு ஒன்றுமில்லை. இரண்டாவது இரவு, மணி 2:10 ஆனபோது வரிகள் கொட்டின. ஒரு நிமிடத்துக்குள் நூற்றுக்கணக்கில், எல்லாம் எல்லோருக்கும் பொதுவாக, எல்லாவற்றிலும் காரண எண் 7, அனுப்பியவர் என்று எங்கள் ரௌட்டரின் முகவரி. ஆனால் சிக்னல் அளவு -71. அதே இடத்தில் ரௌட்டரின் வழக்கமான அறிவிப்புகள் -46இல் வந்துகொண்டிருந்தன. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ரௌட்டர் திடீரென்று அவ்வளவு மங்கிப் பேசாது. உண்மையான ரௌட்டரும் சில சமயம் இந்தச் செய்தியை அனுப்பும்தான், ஆனால் ஒன்றிரண்டு அனுப்பி நிறுத்திவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு கேள்வி கேட்பேன். இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம்.

ஒன்று, துண்டிக்கப்படவே கூடாத கருவி எது, அது பிஎம்எஃப் பேசுமா? டிவி அறுந்தால் எரிச்சல், கேமரா அறுந்தால் இழப்பு. இரண்டு, எந்தக் கருவி உள்ளே வர முடியாமல் நிற்கும், அது இல்லாமல் வீடு ஓடுமா? மூன்று, கரண்ட் போய் வந்தால், ரௌட்டர் ரீஸ்டார்ட் ஆனால், எல்லாம் தானாகத் திரும்பி வருமா, இல்லை யாராவது எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கி மாட்ட வேண்டுமா? நான்கு, இதைச் செய்த பிறகும் எது திறந்தே கிடக்கிறது?

முதல் கேள்விக்குப் பதில் ரௌட்டரின் செட்டிங் பக்கத்தில் கிடைக்காது, சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலில்தான் கிடைக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்றவை ஓடும் ரௌட்டர் என்றால் இப்படிப் பார்க்கலாம், இடைமுகத்தின் பெயர் மட்டும் உங்களிடம் வேறாக இருக்கலாம்:

```
iw dev wlan0 station dump | grep -E 'Station|MFP'
```

ஒவ்வொரு கருவிக்கும் கீழே `MFP: yes` அல்லது `MFP: no` என்று வரும், பிஎம்எஃபுக்கே இங்கே அப்படி ஒரு பெயர். விண்டோஸ் லேப்டாப்பில் `netsh wlan show drivers` என்று கொடுத்தால் `802.11w Management Frame Protection supported` என்ற வரி அந்த லேப்டாப்பால் முடியுமா என்று சொல்லும், இப்போது பயன்படுத்துகிறதா என்பதைச் சொல்லாது. இந்தப் பட்டியலைக் காட்டாத ரௌட்டர்களும் நிறைய உண்டு. அங்கே ஒரு சின்ன சோதனை செய்யலாம்: கொஞ்ச நேரத்துக்கு `Required` வைத்துப் பாருங்கள், உள்ளே வர முடியாமல் நிற்கும் கருவிகள்தான் பிஎம்எஃப் பேசாதவை.

## `Disabled`: அணைத்து வைப்பது

பழைய ரௌட்டர்களில் இப்படித்தான் வரும். எல்லாக் கருவியும் சேரும், கரண்ட் போய் வந்தாலும் சிக்கலில்லை. வீட்டில் கேமரா இல்லை, வேலைக்கு லேன் கேபிள் போட்டிருக்கிறீர்கள், வைஃபை என்பது போனில் படம் பார்க்க மட்டும் என்றால், ஒரு பழைய பிரிண்டர் பிஎம்எஃப் என்றாலே மக்கர் செய்கிறது என்றால், அணைத்து வைத்திருப்பதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. வலுக்கட்டாயமாகத் துண்டிப்பதன் நோக்கம் எப்போதும் துண்டிப்பது மட்டுமல்ல. டபிள்யூபிஏ2இல் கருவி திரும்பச் சேரும்போது நடக்கும் சாவிப் பரிமாற்றத்தைப் பிடித்துக்கொண்டால், அதை வீட்டுக்கு எடுத்துப் போய், சாவகாசமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். துண்டித்தால்தானே திரும்பச் சேரும், அதனால் துண்டிக்கிறார்கள். பாஸ்வேர்ட் உங்கள் போன் நம்பராகவோ பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமுமாகவோ இருந்தால் அதிக நேரம் பிடிக்காது. பிஎம்எஃப் போட்டால் அவன் காத்திருக்க வேண்டும், நீங்கள் இயல்பாகச் சேரும் நேரம் வரை. தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். முழுதாகத் தடுப்பது டபிள்யூபிஏ2க்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3இன் சாவிப் பரிமாற்ற முறை.

இன்னொன்று, இதைத் திருடர்கள் மட்டுமே செய்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஒரு மாரியட் ஓட்டலில் விருந்தினர்கள் சொந்தமாகப் போட்ட ஹாட்ஸ்பாட்களை இதே வழியில் துண்டித்ததற்காக, 2014இல் அந்த நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் ஊரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் அடுத்தவர் நெட்வொர்க்கைக் குலைப்பதும் அணுகலைத் தடுப்பதும் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அதனால் சோதனை என்ற பெயரில்கூட உங்களுடையது அல்லாத நெட்வொர்க்கில் இதைச் செய்யாதீர்கள்.

## `Capable`: விருப்பமாக விடுவது

"முடிந்த கருவி பயன்படுத்தட்டும், முடியாதது அப்படியே வரட்டும்" என்பது இது. `WPA2/WPA3` கலப்பு என்று ரௌட்டரில் வைத்தால் உள்ளே இதுதான் நடக்கிறது. பிஎம்எஃப் வரியே இல்லாத ரௌட்டர்களில், குறிப்பாக இணைப்பு கொடுப்பவர்கள் சேர்த்துக் கொடுக்கும் பெட்டிகளில், அந்தக் கலப்பு முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் இதை இயக்க ஒரே வழி. கையால் எழுதுகிறவர்களுக்கு, பல ரௌட்டர்களில் வைஃபையை நடத்தும் மென்பொருளான hostapdஇன் கோப்பில் வர வேண்டியது:

```
wpa=2
wpa_key_mgmt=WPA-PSK WPA-PSK-SHA256 SAE
rsn_pairwise=CCMP
ieee80211w=1
sae_require_mfp=1
```

`ieee80211w=1` என்பது விருப்பம், 2 என்றால் கட்டாயம், 0 என்றால் அணைப்பு. கடைசி வரி, டபிள்யூபிஏ3 முறையில் சேருகிற கருவி பிஎம்எஃப் இல்லாமல் வரக் கூடாது என்று சொல்கிறது. குறியீட்டு முறையில் பழைய டிகேஐபி கலந்திருந்தால் பிஎம்எஃப் ஓடாது, ஏஇஎஸ் மட்டும் இருக்க வேண்டும். செட்டிங்கில் `TKIP+AES` என்று இருப்பதை மாற்றாமல் விட்டுவிட்டு "போட்டேனே, வேலை செய்யலையே" என்று வருகிறவர்கள் உண்டு.

முதலில் சித்தப்பா வீட்டில் நான் செய்தது இதைத்தான். `Capable` என்று மாற்றினேன், எல்லாம் திரும்பச் சேர்ந்தது, எந்தக் கருவியும் முரண்டு பிடிக்கவில்லை, சரி, முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். நாலு நாள் கழித்து மறுபடி போன். இந்த முறை பால்கனி கேமரா மட்டும் விழாமல் தாக்குப்பிடித்தது, மற்ற இரண்டும் போயிருந்தன. அப்போதுதான் பட்டியலைப் பார்த்தேன், முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பால்கனி `yes`. கேட்டும் பார்க்கிங்கும் `no`. எந்த இரண்டுக்காக இவ்வளவும் செய்தோமோ, அந்த இரண்டும் பாதுகாப்பு இல்லாமலேயே சேர்ந்திருந்தன. ரௌட்டர் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. காட்டவும் காட்டாது, விருப்பம் என்றால் அதுதான் பொருள்.

இந்தத் தேர்வின் மறைந்த விலை இதுதான். `Capable` என்பது வீட்டுக்குப் போடும் பூட்டு அல்ல. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தனக்குப் போட்டுக்கொள்வது, போட்டுக்கொள்ளாத கருவியைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்வதில்லை. புதிய போனும் லேப்டாப்பும் தானாகப் போட்டுக்கொள்கின்றன. விண்டோஸ் 8 முதலே இது உண்டு, ஐபோன் 6 மாடல் முதலும் உண்டு. ஆண்ட்ராய்டில் டபிள்யூபிஏ3 வந்தது 10இல். அதாவது விருப்பமாக விட்டால் பாதுகாப்பு பெறுவது பெரும்பாலும் உங்கள் கையிலேயே இருக்கும், துண்டித்தால் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும் போன். சுவரில் மாட்டிய மலிவு விலைக் கேமராவும் ஸ்மார்ட் பிளக்கும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கும்.

ஆனால் `no` என்பது எப்போதும் "முடியாது" என்று பொருள்படாது. கேமராக்களுக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரு சின்ன லினக்ஸ்தான், வைஃபை சிப்புக்குத் தெரிந்தாலும் ஃபெர்ம்வேர் எழுதியவர் அந்த ஒரு வரியை இயக்காமல் விட்டிருக்கலாம். கேட் கேமராவில் அப்படித்தான் இருந்தது. அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் `yes` ஆகிவிட்டது. பார்க்கிங் கேமராவுக்கு அப்டேட்டே வந்திருக்கவில்லை.

கலவையான வீட்டுக்கு, பட்டியலைப் பார்த்து, முக்கியமான கருவிகள் எல்லாம் `yes` என்று உறுதி செய்துகொண்டால், இது நல்ல தேர்வு. பார்க்காமல் விட்டால் அணைத்து வைத்திருப்பதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு வேறு வழி தேடுவதை நிறுத்திவிடுவோம்.

## `Required`: கட்டாயமாக்குவது

பிஎம்எஃப் பேசாத எதுவும் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் இது தானாக வந்துவிடும், 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேறு வழியே கிடையாது. டபிள்யூபிஏ2இலும் தனியாக `Required` வைக்கலாம். டபிள்யூபிஏ3 தெரியாமல் பிஎம்எஃப் மட்டும் தெரிந்த கருவிகள் இருக்கும் வீட்டுக்கு அது ஒரு நல்ல நடுவழி.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டாயம் என்று வைப்பதால் பார்க்கிங் கேமராவுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது, அந்தக் கேமரா வெளியே தள்ளப்படும், அவ்வளவே. உங்கள் கருவிகள் எல்லாமே ஏற்கனவே `yes` என்றால், `Capable`க்கும் `Required`க்கும் அந்தக் கருவிகளைப் பொறுத்தவரை துண்டிப்பில் வித்தியாசம் இல்லை. கட்டாயத்தின் லாபம் வேறு: நாளைக்கு வாங்கிவரும் புதுக் கருவி பாதுகாப்பு இல்லாமல் சத்தமின்றிச் சேர்ந்துவிட முடியாது, சேர முடியாதபோதே உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இந்தக் குணம் பிடிக்கும்.

இப்போது கரண்ட் விஷயம், சென்னையில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் ரௌட்டர் இன்வெர்ட்டரிலோ ஒரு சின்ன யுபிஎஸ்ஸிலோ ஓடும், வெளியே மாட்டிய கேமரா நேரடி லைனில் இருக்கும். கரண்ட் போய் இரண்டு நிமிடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரௌட்டருக்குக் கேமரா போனதே தெரியாது. அது இன்னும் சேர்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். கேமரா புதிதாக எழுந்து "சேர்ந்துகொள்ளட்டுமா" என்று கேட்கும். பிஎம்எஃப் இல்லையென்றால் ரௌட்டர் பழையதை அழித்துவிட்டு உடனே சேர்த்துக்கொள்ளும். பிஎம்எஃப் இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது, ஏனென்றால் கேமராவின் பெயரில் போலியாகக் கேட்டே இணைப்பை அறுத்துவிட முடியும். அதனால் ரௌட்டர் "இப்போது முடியாது, சற்றுப் பொறுத்து வா" என்று நிலை எண் 30உடன் பதில் அனுப்பிவிட்டு, பழைய சாவியால் பூட்டிய ஒரு கேள்வியைக் கேமராவுக்கு அனுப்பும்: நீ இன்னும் அங்கே இருக்கிறாயா? கேமராவிடம் பழைய சாவி இல்லை, அதனால் பதில் வராது. hostapdஇல் இந்தக் காத்திருப்பு சுமார் 1 நொடி. அது முடிந்ததும் பழைய இணைப்பு அழிக்கப்படும், கேமரா மறுபடி கேட்டால் சேர்ந்துவிடும்.

சரியாக எழுதிய கேமரா அந்த 1 நொடி பொறுத்துத் திரும்பக் கேட்கும், நமக்கு ஒன்றும் தெரியாது. சரியாக எழுதாதது அந்த 30ஐத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, "பாஸ்வேர்ட் தவறு" என்று நின்றுவிடும், அல்லது அரை மணி நேரம் கழித்துத்தான் முயலும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஒழுங்காக வந்து, குட்டி மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் வராமல் இருக்கும். ஏனென்றால் பேச்சுமூச்சு இல்லாத கருவியை hostapd வழக்கமாக 300 நொடிக்குப் பிறகு சோதித்துத் தானாக நீக்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கரண்ட் போனால் கேமரா புது ஆளாகவே வருகிறது, பிரச்சினை இல்லை. அதனால் கட்டாயமாக்கும் முன், கேமரா பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடத்தில் மாட்டிப் பாருங்கள், பிறகு பத்து நிமிடம் விட்டு மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் வந்தால் நிம்மதி. முதலாவதில் வராவிட்டால் கேமராவையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுவது எளிய தீர்வு. `Capable`இலும் `yes` என்று சேர்ந்த கருவிக்கு இதேதான் நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ரௌட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் இதே கதை தலைகீழாக நடக்கும். சாவியை இழந்த ரௌட்டர் பூட்டாத "உன்னைத் தெரியாது" செய்தியைத்தான் அனுப்ப முடியும். கருவி அதை நம்பாது, பூட்டிய கேள்வியைக் கேட்டுப் பார்க்கும், பதில் வராவிட்டால்தான் விட்டுவிட்டுத் திரும்பச் சேரும். ஒரு நொடி, இரண்டு நொடி தாமதம்.

## நான்காவது வழி: இரண்டு பெயர்

ஒரே ரௌட்டரில் இரண்டு வைஃபை பெயர். ஒன்று `Required`, இன்னொன்று `Capable` அல்லது `Disabled`, வேறு பாஸ்வேர்டுடன். முதலாவதில் போன், லேப்டாப், பிஎம்எஃப் பேசும் கேமரா. இரண்டாவதில் பழைய பிரிண்டர், ஸ்மார்ட் பிளக், அறுந்தாலும் பரவாயில்லை என்பவை.

இதன் மறைந்த விலை, பலர் இரண்டாவது பெயருக்கு விருந்தினர் வைஃபையைப் பயன்படுத்துவதில் இருக்கிறது. விருந்தினர் வைஃபை பெரும்பாலும் மற்ற கருவிகளைப் பார்க்க விடாது. போனிலிருந்து பிரிண்டருக்கு அனுப்ப முடியாது, டிவியில் காட்ட முடியாது, "நீ வந்து ஏதோ செஞ்சதுலேருந்து பிரிண்டர் போச்சு" என்று சித்தி சொல்வார். அந்தத் தனிமைப்படுத்தலை அணைக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விருந்தினர் வைஃபைக்குப் பாஸ்வேர்டே வைக்காமல் விட்டால் அங்கே சாவியே கிடையாது, சாவி இல்லாத இடத்தில் பிஎம்எஃபும் கிடையாது. பாஸ்வேர்ட் இல்லாமலேயே சாவி உருவாக்கும் ஓடபிள்யூஇ முறை இருக்கிறது, ஆனால் பழைய கருவிகளுக்கு அது தெரியாது, நாம் இரண்டாவது பெயரை வைப்பதே பழைய கருவிகளுக்காகத்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | `Disabled` | `Capable` | `Required` | இரண்டு பெயர் |
|---|---|---|---|---|
| துண்டிப்பு நிற்குமா | நிற்காது | `yes` கருவிக்கு மட்டும் | உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் | முதல் பெயரில் இருப்பவற்றுக்கு |
| வெளியே நிற்பவை | இல்லை | அநேகமாக இல்லை | பிஎம்எஃப் பேசாத எல்லாம் | இல்லை |
| குட்டி மின்வெட்டுக்குப் பின் | தானாக வரும் | `yes` கருவியைச் சோதிக்க வேண்டும் | எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் | முதல் பெயரில் இருப்பவற்றை |
| மறைந்த விலை | பாஸ்வேர்ட் பிடிக்க வசதி | பாதுகாப்பு இல்லாதது தெரியாது | பழைய கருவிக்கு மாற்று வாங்க வேண்டும் | பிரிண்டர், டிவி பார்க்க முடியாமல் போகலாம் |
| யாருக்கு | கேமரா இல்லாத வீடு | பட்டியலைப் பார்க்கத் தயாராக இருப்பவர் | எல்லாமே புதிய கருவிகள் | கலவையான வீடு |

## எதைச் செய்தாலும் நிற்காதவை

பிஎம்எஃப் போட்டபின் "இனி யாராலும் கேமராவை விழ வைக்க முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அலைவரிசை முழுக்க இரைச்சலைக் கொட்டினால் எந்தச் சாவியும் உதவாது. சேர்வதற்கு முந்தைய பேச்சு இன்னும் திறந்தே இருக்கிறது, சாவி உருவாகும் முன் பூட்ட முடியாது அல்லவா. "நான் வேறு சேனலுக்குப் போகிறேன்" என்று ரௌட்டரின் அறிவிப்பைப் போலியாகச் செய்து கருவியை அலைக்கழிக்கவும் முடியும். அந்த அறிவிப்புகளைப் பாதுகாப்பது தனியாகப் பிறகு வந்த ஏற்பாடு, வீட்டில் இருக்கும் பழைய கருவிகளில் எதிர்பார்க்க முடியாது. கடைசியாக, எல்லோருக்கும் பொதுவான செய்தியின் முத்திரைச் சாவி உள்ளே இருக்கும் எல்லாக் கருவிகளிடமும் இருக்கிறது. கேபிள் போட வந்தவர் முதல் மாடி வீட்டுப் பையன் வரை பாஸ்வேர்ட் தெரியும் என்றால், முதலில் அதை மாற்றுங்கள்.

## சித்தப்பா வீட்டில் என்ன செய்தோம்

அவர் வீட்டுப் பட்டியல் இது: மூன்று கேமரா, மூன்று போன், ஒரு லேப்டாப், டிவி, பிரிண்டர், இரண்டு ஸ்மார்ட் பிளக். போன்கள், லேப்டாப், டிவி, அப்டேட்டுக்குப் பிறகு இரண்டு கேமரா எல்லாம் `yes`. பிரிண்டரும் பிளக்கும் பார்க்கிங் கேமராவும் `no`. முழுக் கட்டாயம் என்றால் பிரிண்டரும் பிளக்கும் போகும், விருப்பம் என்றால் நாளைக்கு எது பாதுகாப்பில்லாமல் சேர்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. அதனால் இரண்டு பெயர். வீட்டுப் பெயரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும், பிஎம்எஃப் `Required`. இரண்டாவது பெயரில் பிரிண்டரும் பிளக்கும், தனிமைப்படுத்தலை அணைத்துவிட்டு. பாஸ்வேர்டையும் மாற்றினோம், அதுவும் பதினைந்து எழுத்துக்கு மேல்.

பார்க்கிங் கேமராவை இரண்டு பெயரிலும் சேர்க்கவில்லை. அதில் லேன் துளை இருந்தது. மாடியிலிருந்து கீழே ஒரு கேபிள் இழுத்தோம், குழாய்க்குள் விட்டு, மழைத் தண்ணீர் கேபிள் வழியாகவே கேமராவுக்குள் ஓடாதபடி கடைசியில் ஒரு வளைவு கொடுத்து. அரை நாள் வேலை. எலக்ட்ரீஷியன் கூலியும் கேபிளும் சேர்த்தாலும் புதுக் கேமரா விலையைவிடக் குறைவுதான். பெட்ரோல் திருடு போகும் இடத்தைப் பார்க்கும் கேமரா அது ஒன்றுதான், அது இரைச்சலுக்கும் அசையக் கூடாது என்று நினைத்தேன்.

கேட் கேமரா ஒரு நிமிட மின்வெட்டுச் சோதனையில் தோற்றது, பத்து நிமிடச் சோதனையில் ஒழுங்காக வந்தது. அதன் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். லேப்டாப்பை இன்னும் ஒரு வாரம் ஹாலில் விட்டுவைத்தேன். ஐந்தாவது இரவு அதே வரிகள் மறுபடி கொட்டின, காரண எண் 7, -70 வாக்கில், மூன்று நிமிடம். காலையில் மூன்று கேமராவின் பதிவையும் அந்த நேரத்துக்கு ஓட்டிப் பார்த்தோம். மூன்றிலும் ஒரு நொடிகூட விடுபடவில்லை. பார்க்கிங் பதிவில் காம்பவுண்ட் சுவர் ஓரமாக ஒருவர் போனைப் பார்த்தபடி நின்றுவிட்டு வண்டிப் பக்கம் வருகிறார். சித்தப்பா அந்தப் பகுதியைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அசோசியேஷன் செயலாளரோடு ஸ்டேஷனுக்குப் போனார். லேப்டாப் பிடித்த பதிவையும் தேதி, நேரம் தெரிகிற மாதிரி சேமித்துக் கொடுத்துவிட்டேன்.